குறிப்புச்சட்டகத்திலேயே கட்டுரையைச் சரிசெய்வது எப்படி?

பள்ளித் தமிழ்த் தேர்வில் கட்டுரை கேட்கும்போது குறிப்புகளையும் கூடவே கொடுத்துவிடுவது வழக்கம். முன்னுரை, பிறப்பும் இளமையும், ஆற்றிய பணிகள், முடிவுரை என்று வரிசையாக இருக்கும். பிள்ளைகள் அதை அப்படியே உள்தலைப்புகளாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆறேழு வரி எழுதி, மதிப்பெண் வாங்கிப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு முதலாண்டு வருகிறார்கள். இங்கே 1,200 சொற்களில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், எழுதும் முன் அவர்கள் திட்டமாகக் கொண்டுவரும் குறிப்புச்சட்டகமும் அதே முன்னுரை முதல் முடிவுரை வரையிலான தலைப்புப் பட்டியல்தான்.

நான் பல வருடம் முழுக் கட்டுரையை வாங்கித்தான் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருமுறை ஒரு மாணவனிடம், "உன் கட்டுரையின் உயிரே நாலாவது பகுதிதான், அதை முன்னால் கொண்டு வா" என்று எழுதிக் கொடுத்தேன். பையன் சொன்னபடியே செய்தான். நாலாவது பகுதி இரண்டாவதாக வந்துவிட்டது. ஆனால் அதன் முதல் வரி "மேற்கண்ட காரணங்களால்" என்றே தொடங்கியது. அதற்கு மேலே காரணம் ஒன்றுகூட இல்லை. ஒன்பது பக்கம் கையால் எழுதியவன் பத்தியைத் தூக்கி நகர்த்துவானே தவிர, அதைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் வாக்கியங்களைப் பிரித்து மறுபடி எழுத மாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. சுவர் எழும்பியபின் வாசலை மாற்றச் சொன்னது நான்தான். அதற்கப்புறம் எழுதத் தொடங்கும் முன்பே சட்டகத்தை வாங்கிப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அதை எப்படிச் செய்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில், கருத்துச் சொல்லக்கூடிய சட்டகமாகக் கேட்டு வாங்குங்கள்

தலைப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அமைப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. "பறவைகள்", "தண்ணீர்ப் பிரச்சினை", "மக்களின் பங்கு" என்று மூன்று பெயர்ச்சொற்கள் இருந்தால், எது முதலில் வந்தாலும் சரியாகத்தான் தோன்றும். பறவையைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்பது தெரிந்தால்தானே அது இடம் மாறியிருக்கிறதா என்று கேட்க முடியும்?

அதனால் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். மேலே, கட்டுரை சொல்லப்போகும் கருத்து ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். கீழே ஐந்து அல்லது ஆறு வரி. ஒவ்வொரு வரியும் வினைமுற்றோடு முடிகிற முழு வாக்கியமாக இருக்க வேண்டும். வரியின் ஓரத்தில் அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய சொற்களின் எண்ணிக்கையும், அதற்கு எதைச் சான்றாகக் காட்டப்போகிறார் என்பதும் சுருக்கமாக இருக்க வேண்டும். முன்னுரை, முடிவுரை என்ற இரண்டு சொற்களையும் எழுதக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். முதல் பகுதியில் என்ன சொல்கிறார், கடைசிப் பகுதியில் என்ன சொல்கிறார் என்று எழுதினால் போதும்.

இந்த வினைமுற்று விதி ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. "தண்ணீர்ப் பிரச்சினை" என்று எழுதியவர் அதை வாக்கியமாக்க உட்கார்ந்தால், யாருக்குப் பிரச்சினை, எதனால், எப்போது என்று யோசித்தாக வேண்டும். பாதிப் பேர் சட்டகத்தை என்னிடம் கொடுப்பதற்கு முன்பே அங்கேயே தடுமாறி, தாங்களே ஒரு வரியை அடித்துவிட்டு வருகிறார்கள்.

நாள் கணக்கும் முக்கியம். வெள்ளிக்கிழமை வாங்கினால் செவ்வாய்க்குள் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்குமேல் தாமதித்தால் அவர்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். பிறகு நான் சொல்வது எல்லாம் கட்டிய சுவரைப் பற்றிய பேச்சாகிவிடும். கட்டுரைக்கு அதற்குப் பிறகு பத்து நாள் கொடுக்கிறேன்.

பேனாவைத் தொடாமல் ஒரு வாசிப்பு

தமிழாசிரியர் கையில் சிவப்புப் பேனா இருந்தால் அது முதலில் ஒற்றுப்பிழையைத்தான் தேடிப் போகும். நானும் விதிவிலக்கு இல்லை. "கூந்தன்குளத்தை பற்றி" என்று பார்த்தால் கை தானாக ஒரு 'ப்' போட்டுவிடும். ஆனால் சட்டகத்தில் இதைச் செய்யவே கூடாது. அந்த வாக்கியம் கட்டுரையில் வருமா என்றே தெரியாதபோது அதற்கு ஒற்றுப் போட்டு என்ன பயன்? அதோடு, ஆறு சிவப்புக் கோடுகளுக்கு நடுவே "உன் மையக் கருத்தும் நாலாவது வரியும் மோதுகின்றன" என்று எழுதியிருந்தால், பிள்ளைகள் ஆறு ஒற்றையும் போட்டுவிட்டுத் திருத்தியாயிற்று என்று கொண்டுவந்துவிடுவார்கள்.

அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒருமுறை மேலிருந்து கீழே வாசிக்கிறேன். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று எனக்கு நானே ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பார்க்கிறேன். நான் சொன்னதும் மாணவர் மேலே எழுதியிருக்கும் கருத்தும் ஒன்றாக இருந்தால் அடிப்படை சரி. வேறாக இருந்தால், அந்த வேறுபாடுதான் நான் எழுத வேண்டிய முதல் குறிப்பு. ஒன்றுமே சொல்ல முடியவில்லை என்றால், அது இன்னும் பட்டியலாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

'மேலும்' போட்டுப் பாருங்கள்

அடுத்த வாசிப்பில் இரண்டு வரிகளுக்கு இடையே ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டுப் பார்க்கிறேன். ஏனென்றால், ஆகவே, ஆனால், இருந்தாலும், மேலும் ஆகிய ஐந்தில் எது பொருந்துகிறது என்று பென்சிலால் இடைவெளியில் எழுதுவேன். எல்லா இடத்திலும் 'மேலும்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அந்தக் கட்டுரைக்கு வரிசை என்று ஒன்று இல்லை. எந்தப் பகுதியையும் எங்கேயும் வைக்கலாம். இரண்டு மூன்று இடத்திலாவது 'ஆகவே' அல்லது 'ஆனால்' விழுந்தால் கருத்து நகர்கிறது. ஐந்தில் எதுவுமே ஒட்டவில்லை என்றால், நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டார்.

இதைச் செய்ய ஆசிரியரே வேண்டும் என்பதில்லை. வகுப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் தாளைக் கொடுத்துப் பத்து நிமிடத்தில் செய்யச் சொல்லலாம். என் வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சட்டகத்துக்கு ஏழெட்டு நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பென்சில் குறியோடு என் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஒரு சட்டகத்தை எடுத்துப் பார்ப்போம்

நாங்குநேரிப் பக்கத்து மாணவி ஒருவர் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைப் பற்றி எழுத வந்தார். அவர் ஊருக்குப் பக்கம்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த இடம். முதலில் கொண்டுவந்தது வழக்கமான பட்டியல். அதில் இரண்டாவது வரி "திருநெல்வேலிச் சீமையின் சிறப்பு". (எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் இந்த வரி எங்கள் பிள்ளைகளின் சட்டகத்தில் எப்படியோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். பொதிகையும் தாமிரபரணியும் வராமல் ஒரு கட்டுரை தொடங்காது.) வாக்கியமாக்கிக் கொண்டுவரச் சொன்ன பிறகு வந்த சட்டகம் இது:

மையக் கருத்து: கூந்தன்குளத்தில் பறவைகள் வாழ்வதற்கு ஊர் மக்களின் அன்பே காரணம்.

1. கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. (150 சொல்)
2. கூழைக்கடா, பூநாரை, வரித்தலை வாத்து என்று பலவகைப் பறவைகள் வருகின்றன. (350)
3. பறவைகளுக்காக ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. வீட்டு மரங்களில் கூடு கட்ட விடுகிறார்கள். (200)
4. குளத்துக்குத் தண்ணீர் வராத வருடத்தில் பறவைகள் குறைந்துவிடுகின்றன. (150)
5. அரசு குளத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். (250)
6. கூந்தன்குளத்தைக் காப்பது நம் கடமை. (100)

சொற்கணக்கு 1,200-க்குச் சரியாக வருகிறது. எழுதப்போகும் செய்திகளும் நல்லவை. முழுக் கட்டுரையாக வந்திருந்தால், "நன்று, இன்னும் விரிவாக எழுதலாம்" என்று போட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருப்பேன். ஒரு பக்கத்தில் ஆறு வரியாகப் பார்க்கும்போது நாலாவது வரி கண்ணில் குத்துகிறது. தண்ணீர் இல்லாத வருடத்திலும் ஊர் அதே ஊர்தான், மக்கள் அதே மக்கள்தான். அப்போதும் யாரும் வெடி வெடிப்பதில்லை. ஆனாலும் பறவைகள் குறைகின்றன என்றால், அன்பே காரணம் என்ற மையக் கருத்து அங்கேயே உடைகிறது. தன் கட்டுரையை மறுக்கும் சான்றைத் தானே எழுதிவைத்துவிட்டு, அவர் அதைக் கவனிக்கவில்லை.

இணைப்புச் சொல் சோதனையிலும் இது தெரிந்தது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே 'மேலும்', இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே 'மேலும்'. மூன்றுக்கும் நாலுக்கும் இடையேதான் முதல்முறையாக 'ஆனால்' விழுந்தது. கட்டுரை உண்மையில் தொடங்கும் இடம் அதுதான். அதற்கு அவர் கொடுத்திருந்தது 150 சொல். அதற்கு முன்பே 700 சொல் செலவாகிவிடுகிறது.

ஐந்தாவது வரியிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசு தண்ணீர் விட வேண்டும் என்கிறார். எங்கிருந்து, எந்த வழியாக என்பதற்கு ஓரத்தில் சான்று ஒன்றும் இல்லை. ஆறாவது வரியை எந்தத் தலைப்புக்கும் ஒட்டலாம். ஆனால் இவற்றை நான் தாளில் எழுதவில்லை. மையக் கருத்து மாறினால் ஐந்தும் ஆறும் எப்படியும் மாறப்போகின்றன. மேல்தட்டில் உள்ள பிழை சரியாகும்வரை கீழ்த்தட்டுப் பிழைகளைத் தொடக் கூடாது. மையக் கருத்து, பிறகு வரிசை, பிறகு சொல் ஒதுக்கீடு, கடைசியாகச் சான்று. இந்த வரிசையில் பார்த்து, முதலில் எங்கே உடைகிறதோ அங்கே நின்றுவிடுகிறேன். ஒரு தாளுக்கு இரண்டு குறிப்பு, மிஞ்சிப்போனால் மூன்று.

குறிப்பை எப்படி எழுதுவது

"அமைப்பு சரியில்லை", "கோர்வையாக இல்லை", "ஆழம் போதாது" ஆகியவற்றை எழுதினால் மாணவருக்கு ஒன்றும் புரியாது. எழுதிய எனக்கும் ஒரு வாரம் கழித்துப் புரியாது. எந்த வரி, வாசிக்கிறவனுக்கு அங்கே என்ன ஆகிறது, அதை வைத்து என்ன யோசிக்கலாம் என்ற மூன்றும் ஒரு குறிப்பில் இருக்க வேண்டும். அந்த மாணவியின் தாளில் நான் எழுதியது இவ்வளவுதான்:

"அன்பே காரணம் என்று மேலே படித்துவிட்டு நாலாவது வரிக்கு வந்தபோது எனக்குக் குழப்பம் வந்தது. தண்ணீர் இல்லாத வருடத்தில் மக்களின் அன்பு குறைந்துவிட்டதா? இல்லை என்றால், மேலே உள்ள வாக்கியத்தில் எதை மாற்ற வேண்டும்?"

"இரண்டாவது வரிக்கு 350 சொல் கொடுத்திருக்கிறாய். அதைப் படித்து முடித்தவருக்கு உன் மையக் கருத்தைப் பற்றி என்ன புதிதாகத் தெரியும்?"

இரண்டும் கேள்வியில் முடிகின்றன. "நாலாவது வரியை மேலே ஏற்று, இரண்டாவதைச் சுருக்கு" என்று நேராகவே எழுதியிருக்கலாம், நேரமும் மிச்சம். அப்படி ஒரு வருடம் செய்து பார்த்தேன். நல்ல வரிசை இப்படி இருக்கும் என்று சிலருக்கு நானே சட்டகம் போட்டுக் கொடுத்தேன். அது விடுதியில் அறை அறையாகப் போய், கடைசியில் ஒரே அச்சில் வார்த்த பதினொரு கட்டுரைகள் என் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஒழுங்காகத்தான் இருந்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் எழுதியவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த யோசனை அவர்களுடையது இல்லை.

தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அந்த மாணவி வந்து நின்றார்.

"சார், அப்போ பறவை பேரெல்லாம் எடுத்துரணுமா? கஷ்டப்பட்டுச் சேத்தேன் சார்."

"எடுக்கச் சொல்லலையேம்மா. ஒவ்வொரு பறவையும் அந்தக் குளத்துல எதைத் தேடி வருதுன்னு தெரியுமா?"

கொஞ்சம் யோசித்தார். "கூழைக்கடாவுக்கு மீன் வேணும். பூநாரை கரையோரம் சேத்துத் தண்ணியிலதான் நிக்கும், ஆழத்துல நிக்காது. மரத்துல கூடு கட்டுற பறவைக்குக் கீழ தண்ணி நின்னாத்தான் நாய், பூனை ஏறாது."

"அப்போ அந்த 350 சொல்லும் எதைப் பத்தினது?"

"தண்ணியப் பத்தினது சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார்.

ஐந்து நிமிடப் பேச்சுத்தான். சேகரித்த செய்தி ஒன்றும் வீணாகவில்லை. பட்டியலாக இருந்தது சான்றாக மாறிவிட்டது. முடிந்தால் எல்லோரிடமும் இப்படி ஐந்து நிமிடம் பேசுங்கள். முடியாவிட்டால், மையக் கருத்து உடைந்திருக்கிறவர்களிடம் மட்டுமாவது பேசுங்கள். தாளில் படிக்கும்போது "உன் கருத்து மோதுகிறது" என்பது கடிந்துகொள்வது மாதிரி இருக்கும். நேரில் கேட்டால் அது வெறும் கேள்விதான்.

திருப்பிக் கொடுத்த பிறகு

திருத்திய சட்டகத்தோடு மூன்று வரிப் பதிலும் வாங்குகிறேன். எதை மாற்றினாய், எதை மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை. மூன்றாவது கேள்விதான் பயனுள்ளது. நான் சொன்னதை மறுக்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர்கள் யோசிப்பார்கள். அந்த மாணவியின் இரண்டாவது சட்டகம் இப்படி வந்தது:

மையக் கருத்து: கூந்தன்குளத்து மக்கள் பறவைகளைக் காப்பாற்றுகிறார்கள், ஆனால் குளத்தில் தண்ணீர் நிற்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை.

1. பறவைகளுக்காக ஊரே தீபாவளி வெடியை விட்டுக்கொடுத்திருக்கிறது. (250)
2. ஆனால் வருகிற ஒவ்வொரு பறவைக்கும் குளத்துத் தண்ணீர் ஒவ்வொரு விதத்தில் தேவைப்படுகிறது. (350)
3. ஆகவே தண்ணீர் வராத வருடத்தில், ஊர் மாறாவிட்டாலும் பறவைகள் குறைகின்றன. (250)
4. ஏனென்றால் குளம் மழையை மட்டும் நம்பி இல்லை, மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரையும் நம்பியிருக்கிறது. (200)
5. சரணாலயம், ராம்சர் என்ற அறிவிப்புகள் வந்த பிறகும் ஊர்ப் பெரியவர்கள் கால்வாயைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். (150)

இணைப்புச் சொற்களை அவரே வாக்கியத்துக்குள் எழுதிவிட்டார். முதலில் தொடக்கத்தில் இருந்த சரணாலய அறிவிப்பு கடைசிக்குப் போயிருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. முடிவு இப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்கவும் இல்லை. இப்போதுதான் சான்றைப் பற்றிப் பேச நேரம் வந்தது. நாலாவது வரிக்கு யாரிடம் கேட்பாய் என்று கேட்டேன். குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் தாத்தாவிடம் கேட்கிறேன் என்றார். அதோடு, அதிகாரிகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று சொல்லி எழுத அனுப்பினேன்.

இரண்டாவது சட்டகத்தில் கவனிக்க வேண்டிய கோளாறு ஒன்று உண்டு. சிலர் வரிசையை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றிக் கொண்டுவருவார்கள். "அன்பே காரணம்" என்பது "அன்பும் ஒரு காரணம்" என்று ஆகியிருக்கும்; கீழே ஆறு வரியும் பழையபடி இருக்கும். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து, சொற்கணக்கு எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் அசையவில்லை என்றால் அமைப்பும் அசையவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது

எழுதினால்தான் யோசனையே வரும் என்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டகம் கேட்டால் மூன்று நாள் வெறும் தாளோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம், தோன்றியதை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வாக்கியம் வீதம் ஓரத்தில் எழுதச் சொல்கிறேன். அந்த ஓர வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் பெயர்த்து எழுதினால் அதுவே சட்டகம். இரண்டு பக்கம்தான் என்பதால் தூக்கிப் போடவும் மனம் வரும்.

எழுதும்போது சட்டகம் மாறுவதும் இயல்பு. மாறினால் கட்டுரையின் மேல் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்கிறேன். நடை, எடுத்துக்காட்டின் உயிர்ப்பு, தொடக்க வாக்கியத்தின் அழகு ஆகியவை எதுவும் சட்டகத்தில் தெரியாது. அவற்றைப் பற்றி அங்கே கருத்துச் சொல்லவும் முயலாதீர்கள்.

கடைசியாக, கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அதிலிருந்து சட்டகம் தயாரித்துக் கொண்டுவருகிறவர்களும் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. சொற்கணக்கு 187, 243, 311 என்று இருக்கும். எழுதப்போகிறவர் யாரும் 187 சொல் என்று திட்டம் போட மாட்டார். அப்படித் தாள் வந்தால், "எழுதினதையும் எடுத்துட்டு வாப்பா, சேர்த்தே பார்த்திருவோம்" என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பைக்குள்ளேயே இருக்கும்.